ஐந்து டாலர் நாட்கூலியும் செயல்திறன் கூலிக் கோட்பாடும்: ஃபோர்டு ஆலையின் சான்றுகள், 1913 – 1921

முன்னுரை

சந்தையில் நிலவும் கூலிக்கே ஆட்கள் கிடைக்கும்போது ஒரு நிறுவனம் ஏன் அதற்கும் மேலாகக் கொடுக்க வேண்டும்? கூலி உயர்ந்தால் உழைப்பின் திறனும் உயரும். அவ்வுயர்வு கூடுதல் செலவை ஈடுசெய்யும். ஆகவே மிகுதியாகக் கொடுப்பதே முதலாளிக்கு இலாபம் என்பது செயல்திறன் கூலிக் கோட்பாடு தரும் விடை. இதற்கு எடுத்துக்காட்டு காட்ட முற்படும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே நிகழ்வைச் சுட்டுகின்றன. 1914 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் தன் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் தருவதாக அறிவித்ததே அந்நிகழ்வு. ஃபோர்டின் சான்றுகள் கோட்பாட்டின் எந்தக் கூற்றை மெய்ப்பிக்கின்றன, எதை மெய்ப்பிக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த மிகைக்கூலி தனித்தனித் தொழிலாளியின் முயற்சியை விலைக்கு வாங்கவில்லை. நிறுவனம் வகுத்த வேகத்திற்கு எல்லோரும் நாள்தோறும் வந்து இணங்கி நிற்பதையே வாங்கியது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

மிகைக்கூலியின் தருக்கம்

கூலிக்கும் உழைப்புத் திறனுக்கும் உள்ள தொடர்பை 1776இல் வெளிவந்த தம் நூலிலேயே ஆடம் ஸ்மித் பேசியிருக்கிறார். தாராளமான கூலி தொழிலாளியை ஊக்கமுள்ளவனாக்கும் என்பது அவர் கருத்து. ஆனால் இதனை ஒரு நிறுவனத்தின் கணக்காக வடித்துக் காட்டியது 1979இல் ராபர்ட் சோலோ எழுதிய சிறு கட்டுரை. அதன் சாரத்தை ஓர் எளிய கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் ஆலை ஒருவருக்கு 100 ரூபாய் கூலி கொடுத்தால் அவர் 50 பொருள் செய்கிறார் என்று கொள்வோம். ஒரு பொருளின் கூலிச் செலவு 2 ரூபாய். கூலியை 120 ஆக்கினால் அவர் 66 பொருள் செய்கிறார். செலவு ஏறத்தாழ 1 ரூபாய் 82 காசாகக் குறைகிறது. 140 ஆக்கினாலோ 70 பொருள்தான் வருகிறது. செலவு மீண்டும் 2 ரூபாய்க்கு ஏறிவிடுகிறது. கூலியை ஒரு விழுக்காடு உயர்த்தினால் உழைப்பும் சரியாக ஒரு விழுக்காடு உயரும் இடமே முதலாளி நிற்க வேண்டிய இடம். அதற்குக் கீழே நின்றாலும் மேலே சென்றாலும் நட்டம். அந்த இடம் சந்தைக் கூலிக்கு மேலே அமைந்துவிட்டால், வாயிலில் எத்தனை பேர் குறைந்த கூலிக்குக் காத்து நின்றாலும் முதலாளி கூலியைக் குறைக்கமாட்டார்.

கூலி உயர்ந்தால் உழைப்பு ஏன் உயர வேண்டும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. கார்ல் ஷபிரோவும் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் 1984இல் தந்த விளக்கமே மிகுதியும் பயிலப்படுவது. தொழிலாளியை எந்நேரமும் கண்காணிக்க இயலாது. அதனால் மெத்தனமாக இருக்க அவருக்கு வாய்ப்புண்டு. வேறிடத்தில் அதே கூலி கிடைக்குமானால் பணிநீக்கம் அவரை அச்சுறுத்தாது. வேறெங்கும் கிடைக்காத கூலியைப் பெறும்போதுதான் வேலை இழப்பு அவருக்கு ஓர் இழப்பாகிறது. ஸ்டீவன் சேலப் (1979) மற்றொரு காரணத்தைக் காட்டினார். ஆட்கள் விலகுவதும் புதியோரைச் சேர்த்துப் பழக்குவதும் செலவு. மிகைக்கூலி அச்செலவைக் குறைக்கும். உயர்ந்த கூலி மேலான தொழிலாளர்களை ஈர்க்கும் என்றார் ஆண்ட்ரூ வைஸ் (1980). ஜார்ஜ் அகர்லாஃப் 1982இல் முற்றிலும் வேறு திசையிலிருந்து வந்தார். மிகைக்கூலி ஒரு கொடை. தேவைக்கு மேற்பட்ட உழைப்பு அதற்கு ஈடாகத் தரப்படும் எதிர்க்கொடை என்பது அவர் பார்வை. அச்சம், செலவு, தெரிவு, நன்றி என்னும் இந்நான்கில் ஃபோர்டு ஆலையில் எது இயங்கியது?

ஹைலண்ட் பார்க், 1913

டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டின் புதிய ஆலை 1910இல் இயங்கத் தொடங்கியது. 1913ஆம் ஆண்டின் வேனிலில் அங்கே ஒரு சோதனை நடந்தது. மாடல் டி வண்டியின் எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ என்னும் உறுப்பை அதுவரை ஒரே தொழிலாளி தன் மேசையில் வைத்து முழுமையாகப் பூட்டிவந்தார். ஒன்றுக்கு ஏறத்தாழ 20 நிமிடம் ஆயிற்று. அவ்வேலையை 29 பேருக்குப் பகிர்ந்து, உறுப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் நகர்ந்து செல்லுமாறு செய்தபோது அது 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. மேசையின் உயரத்தை மாற்றி, சங்கிலியால் இழுத்துச் செல்லும் ஏற்பாட்டையும் சேர்த்தபின் 5 நிமிடம் போதுமானதாயிற்று. அடுத்து வண்டியின் அடிச்சட்டத்திற்கும் இம்முறை வந்தது. ஓர் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மனித மணிநேரம் ஆனது போய், 1914இன் தொடக்கத்தில் 93 நிமிடம் போதும் என்றாயிற்று.

வேலை இவ்வாறு சுருங்கிய அதே ஆண்டில் வேலையாட்கள் ஆலையில் தங்க மறுத்தனர். 1913இல் சராசரியாக 13,623 பேரைக் கொண்ட பணியாளர் தொகுதியைக் காக்க நிறுவனம் 50,448 பேரை வேலைக்கு எடுக்க நேர்ந்தது. ஆட்சுழற்சி வீதம் 370 விழுக்காடு. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மட்டும் 7,300 பேர் விலகினர். அவர்களுள் முறைப்படி சொல்லிக்கொண்டு நின்றவர்கள் 11 விழுக்காட்டினர். பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் 18 விழுக்காட்டினர். எஞ்சிய 71 விழுக்காட்டினர் தொடர்ந்து ஐந்து நாள் வராததால் பெயர் அடிக்கப்பட்டவர்கள். விலகுவதாகச் சொல்ல வேண்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. பெயரேட்டில் இருந்தவர்களிலும் நாள்தோறும் பத்தில் ஒருவர் வரவில்லை.

இந்நிலையைச் சீர்செய்யும் பொறுப்பு ஜான் லீ என்னும் அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1913 அக்டோபரில் அவர் கூலி விகிதங்களை ஒழுங்குபடுத்தினார்; கூலி சராசரியாக 13 விழுக்காடு உயர்ந்தது; குறைந்த நாட்கூலி 2.34 டாலர் ஆயிற்று. ஆட்களை நினைத்தபோது நீக்கும் அதிகாரம் ஃபோர்மன்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஐந்து டாலர் அறிவிப்பைப் பேசும் நூல்கள் இச்சீர்திருத்தத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது சரியன்று. ஆட்சுழற்சியைக் குறைப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால், மூன்று மாதத்திற்கு முன் தொடங்கிய இம்முயற்சியின் பயனை முதலில் பார்த்திருக்கலாம். கூலியை இருமடங்குக்கும் மேலாக்கும் அவசரம் நேர்ந்திராது.

அறிவிப்பும் அதன் நிபந்தனைகளும்

ஜனவரி 5 அன்று செய்தியாளர்களை அழைத்து அறிக்கையை வாசித்தவர் நிறுவனத்தின் பொருளாளர் ஜேம்ஸ் கசென்ஸ். நாட்கூலி 5 டாலர். வேலைநேரம் ஒன்பதிலிருந்து எட்டு மணியாகக் குறையும். ஆலை மூன்று முறைகளில் இயங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி டாலர் தொழிலாளர்க்குச் செல்லும். ஒரு வாரத்திற்குள் ஆலை வாயிலில் பத்தாயிரம் பேருக்கு மேல் திரண்டனர். உறைபனிக் குளிரில் அக்கூட்டத்தின்மீது தீயணைப்புக் குழாய்களால் நீர் பீய்ச்சப்பட்டது. ஒரு நிறுவனம் தரும் கூலி சந்தைக் கூலிக்கு மேலானதா என்று அறிய இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை: வேலை கேட்டு நிற்பவர் தொகை இருக்கும் வேலையை விடப் பல மடங்காக இருந்தும் கூலி குறைக்கப்படவில்லை.

எனினும் ஐந்து டாலர் முழுவதும் கூலியன்று. 2.34 டாலர் மட்டுமே கூலி, எஞ்சிய 2.66 டாலர் ‘இலாபப் பங்கு’ என்று பெயர் பெற்றது. அப்பங்கைப் பெற ஆறு மாதம் பணியாற்றியிருக்க வேண்டும். ஆண்கள் 22 வயதை அடைந்திருக்க வேண்டும், அல்லது குடும்பத்தைக் காப்பவராக இருக்க வேண்டும். பெண்கள் முதலில் சேர்க்கப்படவில்லை. இவற்றுக்கு மேல் ஒழுங்கான வாழ்க்கை என்னும் நிபந்தனையும் இருந்தது. அதனைச் சோதிக்கச் சமூகவியல் துறை என்ற பெயரில் ஒரு பிரிவு அமைந்தது. அதன் ஆய்வாளர்கள் வீடு வீடாகச் சென்று மது, சேமிப்பு, கடன், மணவாழ்க்கை, வீட்டுத் தூய்மை, வாடகைக்குத் தங்குவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டனர். குடியேறிகளான தொழிலாளர்கள் நிறுவனத்தின் பள்ளியில் ஆங்கிலம் கற்றனர். தகுதி பெறாதவருக்குப் பங்கு நிறுத்தப்படும். குறித்த காலத்திற்குள் திருந்தாவிட்டால் வேலையும் போகும். கொடை என்று அகர்லாஃப் கருதியது நன்றியை எதிர்பார்ப்பது. ஆய்வாளரை வீட்டுக்குள் அனுப்பி அளக்கப்படும் ஒன்றைக் கொடை என்று அழைப்பது கடினம்.

நான்கு விளக்கங்களும் கணக்கும்

ஆட்சுழற்சிச் செலவை முதலில் கணக்கிடுவோம். அறிவிப்பின் விளைவு மறுக்க இயலாதது: 1913இல் 370 விழுக்காடாக இருந்த ஆட்சுழற்சி 1914இல் 54 விழுக்காடாகவும் 1915இல் 16 விழுக்காடாகவும் வீழ்ந்தது. (1914, 1915ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொழில்துறை எங்கும் மந்தம் நிலவியது என்பதையும் சேர்த்தே இவ்வெண்களைப் படிக்க வேண்டும், மந்தத்தில் யாரும் எளிதில் வேலையை விடுவதில்லை.) ஆனால் இதனால் மிச்சமானது எவ்வளவு? புதியவர் ஒருவரைச் சேர்த்துப் பழக்க 50 டாலர் ஆனது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 50,448 பேருக்கு ஏறத்தாழ 25 இலட்சம் டாலர்தான் ஆகிறது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட புதிய செலவோ ஒரு கோடி. இரண்டும் சமமாக வேண்டுமானால் ஒவ்வொரு புதிய ஆளும் ஏறத்தாழ 198 டாலர் நட்டம் விளைத்திருக்க வேண்டும். அது பழைய நாட்கூலிக் கணக்கில் 85 நாள் ஊதியம். நகரும் வரிசையில் ஒரு திருகாணியை முடுக்குவதற்கு 85 நாள் பயிற்சி எதற்கு? தம் ஆலையின் வேலைகளில் 43 விழுக்காட்டை ஒரே நாளிலும், மேலும் 36 விழுக்காட்டை எட்டு நாளுக்குள்ளும் கற்றுவிடலாம் என்று ஃபோர்டே 1922இல் வெளியான தம் நூலில் சொல்கிறார். சேலப் காட்டிய காரணம் உண்மையே; ஆனால் இத்தனை பெரிய உயர்வைத் தாங்க அது போதாது.

தெரிவு பற்றிய விளக்கமும் இங்கே வலுவற்றது. தேர்ந்த கைத்திறனைத் தேவையற்றதாக்குவதற்கே நகரும் வரிசை அமைக்கப்பட்டது. ஒரு நாளில் கற்கும் வேலைக்கு மேலான தொழிலாளி எவர் என்று தேடிப் பிரிக்க வேண்டியதில்லை.

இனி மெத்தனம் பற்றிய விளக்கம். பாடநூல்கள் ஃபோர்டை இதற்கே சான்றாக்குகின்றன. இதுதான் மிகவும் ஐயத்திற்குரியது. கண்காணிக்க முடியாமை என்பது ஷபிரோ–ஸ்டிக்லிட்ஸ் தருக்கத்தின் அடித்தளம். நகரும் வரிசையிலோ தொழிலாளியின் வேகத்தைச் சங்கிலியே தீர்மானிக்கிறது. ஒருவர் பின்தங்கினால் அவர் முன்னால் உறுப்புகள் குவியும், அடுத்தவர் கை வெறுமையாக நிற்கும். ஒரு நொடியில் அது எல்லோர்க்கும் தெரிந்துவிடும். மெத்தனத்தைக் கண்டறிவதற்கான செலவு மிகக் குறைந்துபோன இடத்தில், அதைத் தடுக்கும் மிகைக்கூலியும் குறைந்திருக்க வேண்டும். நடந்ததோ அதற்கு எதிரானது. 1913 அக்டோபர் முதல் 1914 ஜனவரிக்குள் கண்காணிப்பு எளிதாகிக்கொண்டே சென்றது. கூலி இருமடங்குக்கும் மேலாயிற்று.

அவ்வாறாயின் கூலி எதை வாங்கியது? விடை அந்த வரிசையின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. தனி மேசையில் வேலை செய்தவர் ஒரு நாள் வராவிட்டால் ஆலைக்கு இழப்பு அவர் செய்திருக்கக்கூடிய உறுப்புகள் மட்டுமே. வரிசையில் ஒருவர் வராவிட்டால் அவருக்குப் பின்னுள்ள அனைவரின் வேலையும், அவர்கள் கீழ் நிற்கும் எந்திரங்களும் தடைப்படும். பத்தில் ஒருவர் வராத ஆலையில் நாள்தோறும் ஏறத்தாழ 1,360 இடங்களுக்கு அன்றைக்கன்று ஆள் தேடி நிறுத்த வேண்டும். வராமையின் விலை அவ்வொருவரின் கூலியைப் போல் பல மடங்கு. அதே காரணத்தால், சிலர் கூடிக் கையைக் கட்டி நின்றாலே முழு ஆலையும் நின்றுவிடும். 1913இன் வேனிலில் உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தினர் டெட்ராய்டில் கிளர்ச்சி செய்தனர். ஃபோர்டின் வாயிலிலும் பேசினர். அந்த ஆண்டு ஜூனில் ஸ்டூட்பேக்கர் ஆலையில் வேலைநிறுத்தமும் நடந்தது. ஐந்து டாலரை விளக்க வழக்கமான செயல்திறன் கூலிக் காரணங்கள் போதா, தொழிலாளர் கூடி எதிர்ப்பதைத் தவிர்க்க நிறுவனம் தன் மிகை இலாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தது என்றே கொள்ள வேண்டும் என 1988இல் டேனியல் ராஃப் வாதிட்டதன் வலிமை இங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில் அவரும் லாரன்ஸ் சம்மர்ஸும் சேர்ந்து எழுதிய கட்டுரை, வேலைக்கான வரிசையையும் உற்பத்தித் திறன், இலாபம் ஆகியவற்றின் உயர்வையும் எடுத்துக்காட்டி, செயல்திறன் கூலிக் கோட்பாட்டுக்கு ஃபோர்டு வலுவான சான்று என்று முடித்திருந்தது. ஒரே ஆய்வாளர் அடுத்த ஆண்டே தம் முடிவைக் கூர்மைப்படுத்திக்கொண்டது கவனிக்கத்தக்கது.

இரு கட்டுரைகளும் முற்றிலும் முரண்பட்டவை அல்ல. சோலோவின் கணக்கை நேராகப் பொருத்தினால் ஃபோர்டு தவறு செய்தார் என்றே தோன்றும். 2.34 டாலர் ஒன்பது மணிக்கு, மணிக்கு 26 காசு. 5 டாலர் எட்டு மணிக்கு, மணிக்கு 62.5 காசு. உயர்வு 140 விழுக்காடு. உழைப்பு 140 விழுக்காடு உயர்ந்தது என்று சொல்வார் எவருமில்லை. ஆனால் அக்கணக்கு கூலியை மட்டுமே செலவாகக் கொள்கிறது. ஃபோர்டு ஆலையில் கட்டடமும் எந்திரமும் வாங்கிய மூலப்பொருளும் பெருஞ்செலவு. விற்பனையோ வரம்பின்றி விரிந்துகொண்டிருந்தது. வரிசை நில்லாமல் ஓடும் ஒவ்வொரு மணியும் அம்முழு முதலீட்டுக்கும் பலன் தந்தது. 1916 ஜூலையில் முடிந்த ஆண்டில் நிறுவனத்தின் இலாபம் ஏறத்தாழ 6 கோடி டாலர் என்பது டாட்ஜ் சகோதரர்கள் தொடுத்த வழக்கின் ஏடுகளில் பதிவாகியுள்ளது. அவ்விலாபம் முழுவதையும் மிகைக்கூலியின் கணக்கில் வரவு வைப்பது பொருந்தாது. மிகைக்கூலி இலாபத்தை அழிக்கவில்லை என்று மட்டும் அதிலிருந்து உறுதியாகக் கூறலாம்.

தொழிலாளர்கள் தாங்களே மாடல் டி வாங்கும்படி கூலி உயர்த்தப்பட்டது என்னும் பரவலான கதைக்கு இங்கே இரு வரி போதும். ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டி செய்த நிறுவனத்திற்குப் பதினாலாயிரம் தொழிலாளர்கள் ஒரு சந்தையே அல்லர்.

ஒரு கடிதம்

ஐந்து டாலர் அறிவிக்கப்பட்ட அதே மாதத்தில் தொழிலாளி ஒருவரின் மனைவி பெயர் குறிப்பிடாமல் ஃபோர்டுக்கு எழுதிய கடிதம் நிறுவனத்தின் ஆவணங்களில் உள்ளது. சங்கிலி முறையில் வேலை செய்யும் தம் கணவர் வீடு திரும்பியதும் உணவும் கொள்ளாமல் அப்படியே சாய்ந்துவிடுகிறார் என்றும், இதற்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்றும் அவர் கேட்கிறார். ஐந்து டாலர் தங்களுக்குப் பெரும் பேறு என்பதை ஏற்றுக்கொண்டு, ஆனால் அது உழைத்துப் பெறுவதே என்றும் சேர்த்துக்கொள்கிறார். மிகைக்கூலியின் ஒரு பகுதி, வேலையின் கடுமைக்கான ஈடு என்னும் பழைய கருத்தை இக்கடிதம் நினைவூட்டுகிறது. அது கடுமைக்கான ஈடு மட்டுமே எனில் வாயிலில் கூட்டம் நின்றிராது. இருப்பினும் மிகை என்று நாம் எண்ணும் 2.66 டாலரில் எவ்வளவு ஈடு, எவ்வளவு உண்மையான மிகை என்று பிரிக்கும்போது இந்தப் பெண்ணின் கூற்றைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

மிகை கரைந்த விதம்

செயல்திறன் கூலியின் ஆற்றல் அதன் தொகையில் இல்லை. பிற இடங்களில் கிடைப்பதற்கும் இங்கே கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. அவ்விடைவெளி இருபுறமிருந்தும் அரிக்கப்பட்டது. போர்க்காலத்தில் டெட்ராய்டின் பிற ஆலைகளும் கூலியை உயர்த்தின. 1914க்கும் 1920க்கும் இடையே அமெரிக்காவில் நுகர்வோர் விலைகள் ஏறத்தாழ இருமடங்காயின. 1919இல் ஃபோர்டு நாட்கூலியை 6 டாலர் ஆக்கினார். அடுத்த ஆண்டு அந்த ஆறு டாலர் வாங்கியது 1914இன் மூன்று டாலர் வாங்கிய அளவே. ஐந்து டாலர் தாம் எடுத்த செலவுக்குறைப்பு நடவடிக்கைகளுள் தலைசிறந்த ஒன்று என்று ஃபோர்டு பின்னர் எழுதியபோது அந்த இடைவெளி ஏற்கெனவே கரைந்திருந்தது.

இடைவெளி கரைந்தபின் நிறுவனம் எதைக் கைக்கொண்டது என்பது கோட்பாட்டுக்கு ஒரு மறைமுகச் சோதனை. மிகைக்கூலியும் கண்காணிப்பும் ஒன்றுக்கொன்று மாற்று என்பது ஷபிரோ–ஸ்டிக்லிட்ஸ் தரும் எதிர்பார்ப்பு: ஒன்று குறைந்தால் மற்றது கூட வேண்டும். சமூகவியல் துறைக்குத் தலைமை தாங்கிய பாதிரியார் சாமுவேல் மார்க்விஸ் 1921இல் விலகினார், அத்துறையும் ஒடுங்கியது. வரிசையின் வேகம் கூட்டப்பட்டது. பின்னாளில் ஹாரி பென்னட்டின் கீழ் வளர்ந்த ‘சேவைத் துறை’ ஆலைக்குள் ஒற்றர்களையும் அடியாட்களையும் வைத்துத் தொழிலாளரை அடக்கியது. 1914இல் கூலியால் தள்ளிவைக்கப்பட்ட தொழிற்சங்கத்தை ஃபோர்டு நிறுவனம் ஏற்று ஒப்பந்தம் செய்தது 1941இல். டெட்ராய்டின் மூன்று பெரிய கார் நிறுவனங்களுள் அதுவே கடைசி.